எட்டுப் புள்ளியா, பதினாறு புள்ளியா: ஆறு மாதக் குழந்தையிடம் பழகல் சோதனை நடத்துவது எப்படி

பேசத் தெரியாத குழந்தை ஒரு வேறுபாட்டைக் கவனித்ததா இல்லையா என்று அறிய நாம் பெரும்பாலும் நம்பும் அளவீடு இது: அது எங்கே பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது. அந்த நேரத்தைப் பதிவது எளிது. அதற்கு நாம் கொடுக்கும் விளக்கத்தைத் தவிர வேறு விளக்கம் எதுவும் பொருந்தாதபடி சோதனையை அமைப்பதில்தான் வேலை இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கணினியின் முன் தடுமாறுவதில்லை, அதற்கு வெகு முன்பே, படம் தயாரிக்கும்போதும் விதி எழுதும்போதும் தடுமாறுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிகளுக்கே அதிக இடம்.

உதாரணத்துக்கு ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்: ஆறு மாதக் குழந்தைக்கு 8 புள்ளிகளுக்கும் 16 புள்ளிகளுக்கும் வேறுபாடு தெரிகிறதா? ஃபெய் ஷூவும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின் கேள்வி இது. கீழே வரும் பரப்பளவுகளும் நொடிக் கணக்குகளும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, அவர்களுடைய தரவு அல்ல.

## 1. முதலில் முறையை முடிவு செய்யுங்கள்

விருப்பப் பார்வை முறையில் இரண்டு படங்களை இடமும் வலமுமாக ஒரே நேரத்தில் காட்டி, எதை அதிகம் பார்க்கிறது என்று அளக்கிறோம். பழகல் முறையில் ஒரே வகைப் படத்தைச் சலிக்கும் வரை திரும்பத் திரும்பக் காட்டிவிட்டு, பிறகு புதிய வகையைக் காட்டி, பார்வை மீண்டும் நீள்கிறதா என்று பார்க்கிறோம்.

குழந்தைக்கு இயல்பாகவே ஒரு பக்கம் ஈர்ப்பு இருந்தால் விருப்பப் பார்வையே போதும். கண்பார்வைக் கூர்மையை அளக்கும் டெல்லர் அட்டைகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஒரு பக்கம் கோடுகள், மறு பக்கம் வெறும் சாம்பல் நிறம். கோடு தெரிந்தால் குழந்தை அந்தப் பக்கம் திரும்பும், ஏனென்றால் வெற்றுப் பரப்பைவிடக் கோலமுள்ள பரப்பு குழந்தையை இழுக்கும்.

சொல் புரிகிறதா என்று பார்க்கவும் இதே முறை உதவும். நாய்ப் படத்தையும் பந்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நாய் எங்கே?" என்ற குரலைக் கேட்க வைக்கலாம். ஆனால் சில குழந்தைகளுக்கு எந்தக் குரலும் இல்லாதபோதே நாய்தான் பிடிக்கும். எனவே, சொல் கேட்பதற்கு முன் நாயைப் பார்த்த பங்கையும், கேட்ட பின் பார்த்த பங்கையும் ஒப்பிட வேண்டும். சொல் ஒலிக்கத் தொடங்கிய கணத்திலிருந்தே எண்ணத் தொடங்கவும் கூடாது. கேட்டு, புரிந்து, கண்ணை நகர்த்தக் குழந்தைக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆய்வுகளில் முதல் 367 மில்லிநொடியை விட்டுவிட்டு எண்ணுவது பரவலான வழக்கம்.

நம் புள்ளிகளுக்கு விருப்பப் பார்வை போதாது. 8, 16 இரண்டையும் குழந்தை சம நேரம் பார்த்தால், வேறுபாடு தெரியவில்லை என்றும் சொல்லலாம், தெரிந்தும் இரண்டும் ஒரே அளவுக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்லலாம். அந்த இரண்டையும் பிரிக்க வழியில்லை. ஒன்றைச் சலிக்க வைத்துவிட்டால் அந்தச் சமநிலையை நாமே குலைக்கிறோம். அதனால் இங்கே பழகல் முறை.

## 2. படங்கள்: எண்ணிக்கையைத் தவிர எதுவும் புதிதாக இருக்கக் கூடாது

இந்த வேலையில் மிக அதிக நேரம் இதற்குத்தான் செல்ல வேண்டும். 8 புள்ளியை 16 ஆக்கினால் எண்ணிக்கை மட்டும் மாறுவதில்லை. புள்ளியின் அளவை அப்படியே வைத்தால் மொத்தக் கறுப்புப் பரப்பு இரட்டிப்பாகும். மொத்தப் பரப்பை அப்படியே வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் பாதியாகும். ஒரே சட்டத்துக்குள் வரைந்தால் நெருக்கம் இரட்டிப்பாகும். குழந்தை இவற்றில் எதைக் கவனித்தாலும் பார்வை நீளும். நாம் எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்வோம்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் சமன் செய்ய முடியாது. அதனால் பழகல் படங்களில் சிலவற்றையும், சோதனைப் படங்களில் மற்றவற்றையும் சமன் செய்ய வேண்டும்.

பழகல் கட்டத்தில் பாதிக் குழந்தைகள் 8 பார்க்கும், பாதி 16 பார்க்கும். இரு குழுவுக்கும் சட்டத்தின் அளவு ஒன்று, மொத்தக் கறுப்புப் பரப்பின் சராசரியும் ஒன்று. 32 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 8-இல் ஒரு புள்ளி சராசரியாக 4 சதுர செ.மீ., 16-இல் 2 சதுர செ.மீ.

சோதனைக் கட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் 8, 16 இரண்டையும் பார்க்கும். இங்கே புள்ளியின் அளவு இரண்டிலும் 3 சதுர செ.மீ. ஒரு குழுவுக்கு அது வழக்கத்தைவிட 1 குறைவு, மறு குழுவுக்கு 1 அதிகம். முக்கியமானது என்னவென்றால், எந்தக் குழந்தைக்கும் அதன் இரு சோதனைப் படங்களிலும் புள்ளியின் அளவு ஒரே அளவுக்குத்தான் புதிது. நெருக்கத்தையும் அதேபோல் நடுவில் வைத்து, இரண்டிலும் ஒன்றாக்குங்கள். அப்போது 8 புள்ளிச் சட்டம் பழைய சட்டத்தின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்காகும், 16 புள்ளிச் சட்டம் மூன்றில் நான்கு பங்காகும். ஒன்று எவ்வளவு சிறிதானதோ மற்றது அதே அளவு பெரிதானது.

மிச்சம் இருப்பது மொத்தப் பரப்பு. சோதனையில் அது 8-க்கு 24, 16-க்கு 48. இதைச் சமாளிக்க, பழகல் படங்களிலேயே மொத்தப் பரப்பை 20 முதல் 50 வரை ஏற்றி இறக்கி, சராசரி 32 வரும்படி வைக்க வேண்டும். 24-உம் 48-உம் குழந்தை ஏற்கெனவே பார்த்த எல்லைக்குள் வந்துவிடும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஆறு வெவ்வேறு படங்கள் தயாரியுங்கள், புள்ளிகளின் இடமும் ஒவ்வொன்றிலும் மாறட்டும். ஒரே படத்தைத் திரும்பக் காட்டினால் குழந்தை அந்தக் கோலத்துக்குத்தான் பழகும், எட்டு என்ற எண்ணிக்கைக்கு அல்ல.

படங்களை முடித்ததும் எண்ணிக்கை, புள்ளி அளவு, மொத்தப் பரப்பு, சட்டம், நெருக்கம் என ஐந்து நிரலுள்ள அட்டவணை போடுங்கள். "பழகியதோடு ஒப்பிட்டால் இரு சோதனைப் படங்களில் எது அதிகம் புதிது?" என்று ஒவ்வொரு நிரலிலும் கேளுங்கள். எண்ணிக்கை நிரலைத் தவிர வேறு எதிலாவது விடை வந்தால் படங்களைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

## 3. முதல் குழந்தை வருவதற்கு முன் விதிகளை எழுதுங்கள்

தரவைப் பார்த்த பிறகு விதியை முடிவு செய்தால், நம்மை அறியாமலேயே நமக்குப் பிடித்த விதியைத் தேர்ந்துவிடுவோம். முடிந்தால் விதிகளை ஒரு பொதுத் தளத்தில் தேதியோடு முன்பதிவு செய்துவிடுங்கள். இந்தச் சோதனைக்குப் பொருத்தமான ஒரு தொகுப்பு இது:

- குழந்தை திரையைத் தொடர்ந்து அரை நொடி பார்த்தால்தான் சுற்று தொடங்கியதாகக் கணக்கு.
- தொடர்ந்து 2 நொடி வேறு பக்கம் பார்த்தால் சுற்று முடிந்தது. 60 நொடி ஆனாலும் முடிந்தது.
- கடைசி மூன்று சுற்றுகளின் சராசரி, முதல் மூன்றின் சராசரியில் பாதி அல்லது அதற்கும் கீழே வந்தால் பழகிவிட்டது. முதல் மூன்றும் கடைசி மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று வரக் கூடாது. எனவே குறைந்தது 6 சுற்று.
- 14 சுற்று வரை இந்தப் பாதி வரம்பைத் தொடாவிட்டாலும் சோதனைக்குப் போகலாம். ஆனால் அந்தக் குழந்தைகளை எப்படிக் கணக்கில் எடுப்போம் என்பதையும் இப்போதே எழுத வேண்டும்.

2 நொடி எதற்கு? ஆறு மாதக் குழந்தை தன் கையையோ கூரையையோ ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்ப வரும். அந்தச் சிறு விலகலுக்கெல்லாம் சுற்றை முடித்தால் எல்லாச் சுற்றும் குட்டையாகி வேறுபாடு கரைந்துவிடும். 5 நொடி என்று வைத்தால் குழந்தை சலித்து அழத் தொடங்கும்.

## 4. அறை, கேமரா, மடி

குழந்தை அம்மா அல்லது அப்பாவின் மடியில், திரைக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தூரத்தில் உட்காரட்டும். அறையை மங்கலாக்கி, திரையைச் சுற்றி ஒரே நிறத் திரைச்சீலை போடுங்கள். அறையில் பளிச்சென்று இருக்கும் ஒரே பொருள் படமாக இருக்க வேண்டும். கேமரா திரைக்கு நேர் கீழே இருந்தால் கண் நன்றாகத் தெரியும்.

பார்வையைப் பதிபவர் வேறு அறையில் உட்கார்ந்து, குழந்தை பார்க்கும்போது ஒரு விசையை அழுத்தி, விலகும்போது விடுவார். அவர் கவனிப்பது கருவிழியின் மேல் தெரியும் சிறு வெளிச்சச் சதுரத்தை. அது திரையின் பிரதிபலிப்பு. கண்மணியின் நடுவில் அது விழுந்தால் குழந்தை திரையைப் பார்க்கிறது. சதுரம் ஓரத்துக்கு நழுவினால் கண் விலகிவிட்டது. கண்கள் திரையில் இருந்தும் முகம் வெறுமையாக இருக்கும் கணங்களில் புதியவர்கள் விசையை விட்டுவிடுகிறார்கள், "மனசு இங்கே இல்லை" என்று சொல்லி. அதைச் செய்யக் கூடாது. மனம் எங்கே என்பது நமக்குத் தெரியாது, கண் எங்கே என்பதுதான் தெரியும்.

பதிபவருக்கு எந்தப் படம் திரையில் ஓடுகிறது என்று தெரியவே கூடாது. தெரிந்தால், புதிய படம் வரும்போது விசையை அரை நொடி கூடுதலாகப் பிடிப்பது கைக்கே வந்துவிடும். பெற்றோருக்கும் படம் தெரியக் கூடாது. அவர்கள் உடல் இறுகினாலே மடியில் இருக்கும் குழந்தைக்கு அது தெரியும். கறுப்புக் கண்ணாடி கொடுங்கள், அல்லது கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். "பாரு, பாரு" என்று விரலைக் காட்டக் கூடாது என்பதையும், குழந்தை திரும்பிப் பார்த்தால் பேசாமல் இருக்க வேண்டும் என்பதையும் உள்ளே போவதற்கு முன்பே சொல்லுங்கள். நடுவில் சொன்னால் அந்தச் சுற்று வீண். சோதனை குழந்தையின் கெட்டிக்காரத்தனத்தை அளக்கவில்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதையும் அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெற்றோரின் பதற்றம் பாதி அதில் போய்விடும்.

## 5. பழகல் சுற்றுகள்

ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஒரு சிறு அசையும் உருவத்தை ஒலியோடு திரையின் நடுவில் காட்டி, குழந்தை பார்த்தபின் படத்தைப் போடுங்கள். எல்லாச் சுற்றும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்.

கணக்கைக் கையால் போட வேண்டாம். PyHab, Habit போன்ற இலவச மென்பொருள்கள் விசை அழுத்தத்தை வைத்து வரம்பை உடனுக்குடன் கணக்கிடும். ஆனால் அவற்றுக்குள் ஓடும் கணக்கு உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்:

```
வரம்பு = 0.5 * (t1 + t2 + t3) / 3
நிறுத்து: (t[n-2] + t[n-1] + t[n]) / 3 <= வரம்பு,  n >= 6
```

ஒரு குழந்தை 8 புள்ளிப் படங்களை முதல் மூன்று சுற்றில் 38, 29, 23 நொடி பார்க்கிறது என்று வைப்போம். சராசரி 30, வரம்பு 15. நான்காவது சுற்றில் 31 நொடி. இப்படி ஒரு சுற்றில் பார்வை ஏறுவது சகஜம், பழகுதல் நேர்கோட்டில் இறங்குவதில்லை. அடுத்து 14, 12. நான்கு முதல் ஆறு வரையிலான சராசரி 19, இன்னும் பழகவில்லை. ஏழாவதில் 19 நொடி. இப்போது 14, 12, 19-இன் சராசரி சரியாக 15. நம் விதியில் "பாதி அல்லது அதற்கும் கீழே" என்று எழுதியிருப்பதால் இங்கே நிற்கிறோம். "பாதிக்கும் குறைவாக" என்று எழுதியிருந்தால் எட்டாவது சுற்று நடந்திருக்கும். மென்பொருளில் எந்தக் குறி இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். ஒரே ஆய்வில் இரு கணினிகளில் இரு அமைப்பு இருந்துவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாது.

## 6. சோதனைச் சுற்றுகள்

பழகல் முடிந்ததும் இடைவெளி விடாமல் ஆறு சோதனைச் சுற்று: 8, 16, 8, 16, 8, 16. பாதிக் குழந்தைகளுக்கு 16-இலிருந்து தொடங்குங்கள். சோதனையின் முதல் படம் எதுவானாலும் சற்று நீளமாகப் பார்க்கப்படும், ஏனென்றால் புள்ளி அளவும் சட்டமும் அப்போதுதான் மாறுகின்றன. தொடக்கத்தை மாற்றி வைக்காவிட்டால் அந்த நீளம் முழுவதும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும்.

கடைசியாக, புள்ளியோடு தொடர்பே இல்லாத, நிறமும் அசைவும் உள்ள ஒரு படத்தைக் காட்டுங்கள். பார்வை அங்கே எழுந்தால் குழந்தை விழிப்பாகத்தான் இருந்திருக்கிறது. அங்கேயும் எழாவிட்டால், சோதனையில் வேறுபாடு வராததற்குக் களைப்பே காரணமாக இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் பெரிய பிழை ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் பழகலின் கடைசிச் சுற்றுகளைப் புதிய படத்தின் சுற்றோடு ஒப்பிட்டு, "பார்வை மீண்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அது செல்லாது. குழந்தையின் பார்வை சுற்றுக்குச் சுற்று தற்செயலாகவே ஏறி இறங்கும். நாம் நிறுத்துவதோ, மூன்று சுற்று சேர்ந்தாற்போல் குட்டையாக வந்த கணத்தில். அதாவது, தற்செயல் சரிவுகளையும் சேர்த்துத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறோம். அடுத்த சுற்றில் பழைய படத்தையே காட்டினாலும் பல குழந்தைகளின் பார்வை சற்று ஏறத்தான் செய்யும்.

அதனால்தான் சோதனைக்குள் பழைய எண்ணிக்கையும் இருக்கிறது. அந்தத் தற்செயல் ஏற்றம் பழையதுக்கும் புதியதுக்கும் சமமாகவே வரும். நம் குழந்தை சோதனையில் 16-ஐ 24, 15, 12 நொடியும், 8-ஐ 13, 11, 9 நொடியும் பார்த்ததாக வைத்தால், நாம் ஒப்பிட வேண்டியது 17-ஐயும் 11-ஐயும்தான். பழகலின் கடைசிச் சராசரியான 15 இந்த ஒப்பீட்டில் வரவே கூடாது.

## 7. எந்தக் குழந்தையை விலக்குவது

அழுது பாதியில் நின்றது, பெற்றோர் குறுக்கிட்டது, கருவி பழுதானது, பதிபவர் தவறான விசையை அழுத்தியது: இவை நியாயமான காரணங்கள். முடிவை அறியாத ஒருவர் வீடியோவைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு காரணத்துக்கும் எண்ணிக்கை கட்டுரையில் வர வேண்டும். "இந்தக் குழந்தை கவனிக்கவில்லை போலிருக்கிறது" என்பது காரணமே அல்ல. அப்படி விலக்கப்படும் குழந்தைகள் எப்போதும் நம் கருத்துக்கு எதிரான பக்கத்தில்தான் இருப்பார்கள்.

வரம்பைத் தொடாத குழந்தைகள் தனிச் சிக்கல். பாதி பழகிய குழந்தை சில நேரம் புதியதைவிடப் பழகியதையே அதிகம் பார்க்கும். படம் சிக்கலாகவும் குழந்தை சிறியதாகவும் இருந்தால் இது இன்னும் அதிகம். அவர்களையும் மற்றவர்களையும் கலந்து சராசரி எடுத்தால் இரு திசைகளும் ஒன்றையொன்று அழித்து, வேறுபாடு இல்லை என்று தோன்றும். அதனால் பழகியவர்கள், பழகாதவர்கள் என்று பிரித்தும் முடிவைக் காட்டுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

## 8. இரண்டாவது பதிபவர்

வீடியோக்களில் குறைந்தது கால் பங்கை, முடிந்தால் எல்லாவற்றையும், இன்னொருவர் படம் தெரியாமல் திரும்பப் பதியட்டும். இருவரின் சுற்று நேரங்களுக்கும் இடையே ஒட்டுறவு 0.9-க்கு மேல் வருவது வழக்கமான எதிர்பார்ப்பு. அந்த எண்ணோடு திருப்தி அடைந்துவிடாமல், இருவரும் அதிகம் முரண்படும் சுற்றுகளை எடுத்து வீடியோவைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கும்: ஒருவர் 2 நொடி விலகல் என்று முடித்த இடத்தில், மற்றவர் நடுவே ஒரு கணப் பார்வையைக் கண்டு சுற்றைத் தொடர்ந்திருப்பார். ஒரு கணம்தான், ஆனால் அதனால் சுற்று 8 நொடியா 30 நொடியா என்று மாறிவிடும்.

## 9. கணக்கும், அதிலிருந்து சொல்லக்கூடியதும்

பார்வை நேரங்கள் ஒரு பக்கம் நீண்ட வால் கொண்டவை. ஒரு குழந்தை 60 நொடி பார்த்தால் பத்துக் குழந்தைகளின் சராசரியையும் அது இழுத்துவிடும். அதனால் நேரங்களை லாக் அளவுக்கு மாற்றி ஒப்பிடுங்கள். லாக் அளவில் 4 நொடி 8 ஆவதும், 20 நொடி 40 ஆவதும் ஒரே தாவல். குழந்தைக்குக் குழந்தை பார்க்கும் பாணி மிகவும் வேறுபடும் என்பதால் அதுவே நியாயமான ஒப்பீடு.

தனிக் குழந்தையைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. மேலே சொன்ன குழந்தை 16-ஐ அதிகம் பார்த்தது தற்செயலாகவும் இருக்கலாம். பெற்றோர் கேட்டால் இதை நேராகச் சொல்லுங்கள். எத்தனை குழந்தைகள் வேண்டும் என்பதை, எதிர்பார்க்கும் வேறுபாட்டின் அளவைக் கொண்டு முன்பே கணக்கிடுங்கள். இடையிடையே முடிவைப் பார்த்து, வந்ததும் நிறுத்துவது இந்தத் துறையில் பல பொய்யான முடிவுகளுக்கு வழி வைத்தது.

8-க்குப் பழகியவர்கள் 16-ஐயும், 16-க்குப் பழகியவர்கள் 8-ஐயும் அதிகம் பார்த்தார்கள் என்று வைப்போம். இரு குழுவிலும் புதியது நீண்டிருக்கிறது, அதனால் "அதிகப் புள்ளி குழந்தைக்குப் பிடிக்கும்" என்ற விளக்கம் விழுந்துவிட்டது. ஒரு குழுவில் மட்டும் வந்திருந்தால் அந்த விளக்கம் உயிரோடு இருந்திருக்கும். இவ்வளவையும் தாண்டிய முடிவுகூட, குழந்தை எண்ணுகிறது என்று சொல்லவில்லை. இரு தொகுதிகளின் அளவை அது பிரித்தறிகிறது, அந்தப் பிரிப்பு பரப்பாலோ நெருக்கத்தாலோ வரவில்லை என்றுதான் சொல்கிறது.

ஷூ, ஸ்பெல்கி ஆய்வில் ஆறு மாதக் குழந்தைகள் 8-ஐயும் 16-ஐயும் பிரித்தறிந்தார்கள், 8-ஐயும் 12-ஐயும் அதே முறையில் பிரித்தறியவில்லை. இந்த இரண்டாவது முடிவை வைத்து "தெரியாது" என்று எழுதிவிடாதீர்கள். இந்தப் படங்களில், இந்த வயதில், இந்த முறையால் பிடிபடும் அளவுக்கு வேறுபாடு வரவில்லை என்பதுதான் சரியான வாக்கியம். இருந்தாலும் அது பயனற்ற முடிவல்ல. ஒரே அறை, ஒரே விதி, ஒரே வகைப் படம் என்று இருக்கும்போது இரண்டு மடங்கு வேறுபாட்டுக்குப் பார்வை நீள்கிறது, ஒன்றரை மடங்குக்கு நீளவில்லை என்றால், குழந்தைகள் வெறுமனே எந்த மாற்றத்துக்கும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் குறைகிறது. உங்கள் முதல் சோதனை வெற்றி பெற்றால், அடுத்து 8-க்கும் 12-க்கும் படங்களைத் தயாரியுங்கள், ஐந்து நிரல் அட்டவணையோடு.